சூட்டில் உரியும் இரும்பு: போறணைத் தகட்டின் பொருக்கும் பரவளைவு விதியும்

விறகுப் போறணையில் பாண் வேகும் அறையின் சூடு 200 முதல் 250 பாகை செல்சியஸ் வரைதான். ஆனால் எரியறை தனியாக அமைந்த போறணைகளில், தீ நேரடியாக முட்டும் இரும்புத் தகடு 700, 800 பாகைக்குச் சிவந்து நிற்கும். காலையில் சாம்பலை அள்ளும்போது அந்தத் தகட்டிலிருந்து கறுப்புப் பொருக்குகள் அப்பளம்போல உடைந்து விழும். மிச்சத்தைச் சுத்தியலால் தட்டி உதிர்த்துவிட்டு அடுத்த நாள் தீ மூட்டுவார்கள். 8 மில்லிமீட்டர் தகடு சில மாதங்களில் ஓட்டை விழுந்துவிடும்.

கொழும்பில் இதற்குக் காரணம் கேட்டால் முதலில் வரும் பதில் "உப்புக் காத்து" என்பதுதான். கேட்டுக்கேட்டுப் பழகிய பதில், ஆனால் பாதிதான் சரி. துருவுக்கு நீர் வேண்டும். 800 பாகைத் தகட்டின்மேல் ஒரு துளி நீரும் நிற்காது. அங்கே நடப்பது வேறு: உலோகம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு நேரடியாகச் சேர்ந்து ஒட்சைட்டு ஆகிறது. உயர் வெப்ப ஒட்சியேற்றம் என்பது இதுவே. உப்புக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, ஆனால் அது வேறு வழியாக வருகிறது.

தகடு எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது, அதன்மேல் வளரும் ஒட்சைட்டுப் படை எவ்வளவு வேகமாக வளர்கிறது, ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்ற இரண்டு கேள்விகள்தான்.

## படை எப்படி வளர்கிறது

பளிச்சென்று இருக்கும் உலோகத்தைச் சூடான காற்றில் வைத்த உடனேயே மேற்பரப்பு முழுவதும் மெல்லிய ஒட்சைட்டுப் படை மூடிவிடுகிறது. அதற்குப் பிறகு உலோகமும் ஒட்சிசனும் ஒன்றையொன்று தொடமுடியாது, இடையில் படை நிற்கிறது. வளர்ச்சி தொடர வேண்டுமானால் இரண்டில் ஒன்று அந்தப் படையைக் கடந்து போயாக வேண்டும்.

இரும்பைப் பொறுத்தவரை பயணம் செய்வது பெரும்பாலும் இரும்புதான். இரும்பு அணு தன் இலத்திரன்களை விட்டு அயனாகி, ஒட்சைட்டின் பளிங்குச் சாலகத்தில் காலியாக உள்ள இடங்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி வெளிப்புறம் வருகிறது. இலத்திரன்களும் கூடவே வெளியே வருகின்றன. மேற்பரப்பில் காத்திருக்கும் ஒட்சிசன் அவற்றை வாங்கிக்கொண்டு புதிய ஒட்சைட்டை அடுக்குகிறது. பொருக்கு வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு அல்ல. அதிலுள்ள இரும்பு முழுவதும் தகட்டின் உள்ளிருந்து வந்தது. இந்த அயன், இலத்திரன் போக்குவரத்தைக் கணிதமாக எழுதியவர் காள் வாக்னர், ஆண்டு 1933.

## பரவளைவு விதி

இதிலிருந்து விதி தானாகவே வருகிறது. நியாயத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. படையின் உட்புறத்தில் உலோகம், வெளிப்புறத்தில் காற்று. இந்த இரண்டு பக்கமும் மாறுவதில்லை. ஆகவே அயன்களை வெளியே தள்ளும் உந்தலும் மாறாமல் இருக்கிறது.
2. அந்த உந்தல் படையின் முழுத் தடிப்புக்கும் பரவி நிற்கிறது. தடிப்பு இரட்டித்தால், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கிடைக்கும் உந்தல் பாதியாகிறது.
3. எனவே வளர்ச்சி வேகம் தடிப்புக்கு நேர்மாறு. படை தடிக்கத் தடிக்கத் தன் வளர்ச்சியைத் தானே மந்தமாக்குகிறது.
4. இந்த உறவை நேரத்தின்மேல் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது:

```
x² = k × t
```

இதில் x படையின் தடிப்பு, t நேரம், k அந்த உலோகத்துக்கும் அந்த வெப்பநிலைக்கும் உரிய மாறிலி. நேரத்துக்கு எதிரே தடிப்பை வரைந்தால் பரவளைவு வரும் என்பதால் இந்தப் பெயர். முதல் மணியில் ஓர் அலகு வளர்ந்த படை, இரண்டு அலகாவதற்கு 4 மணி எடுக்கும். மூன்று அலகுக்கு 9 மணி, பத்து அலகுக்கு 100 மணி.

பரவளைவுக்கு எதிர்ப்புறம் நிற்பது நேர்கோட்டு விதி. படை வெடித்தோ, உதிர்ந்தோ, ஆவியாகியோ போனால் உலோகம் மீண்டும் வெறுமையாகிறது. வேகம் குறைவதே இல்லை. பத்து மடங்கு நேரத்தில் பத்து மடங்கு இழப்பு. பாதுகாப்பான படை எது, பாதுகாப்பற்றது எது என்று பிரிப்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடையாது.

1923இல் பில்லிங், பெட்வேர்த் இருவரும் எளிமையான ஒரு முதற்சோதனையைச் சொன்னார்கள். உருவான ஒட்சைட்டின் கனவளவை, அதற்காகச் செலவான உலோகத்தின் கனவளவால் வகுத்துப் பாருங்கள். மக்னீசியத்துக்கு ஏறத்தாழ 0.81, ஒட்சைட்டு மேற்பரப்பை மூடவே போதாது. அலுமினியத்துக்கு 1.28, குரோமியத்துக்கு 2.07, இரும்பின் FeO படைக்கு 1.7க்கு அருகில். ஒன்றுக்குக் கீழே போனால் மோசம் என்பது சரி. ஒன்றுக்கு மேலே இருப்பதெல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நமது போறணைத் தகடே அதற்குச் சாட்சி.

## 8 மில்லிமீட்டர் தகட்டின் கணக்கு

தூய இரும்பைக் காற்றில் சூடாக்கி அளந்த மாறிலிகளின்படி, ஒரு மணி நேரத்தில் வளரும் படையின் தடிப்பு ஏறத்தாழ இப்படி:

- 700 பாகையில் 0.04 மில்லிமீட்டர்
- 800 பாகையில் 0.11 மில்லிமீட்டர்
- 900 பாகையில் 0.25 மில்லிமீட்டர்
- 1000 பாகையில் 0.5 மில்லிமீட்டர்

கடையில் எம்.எஸ். தகடு என்று விற்கப்படும் சாதாரண உருக்கும் இதற்கு அருகில்தான் நடந்துகொள்ளும்.

தீப்பக்கம் 800 பாகை, நாளொன்றுக்கு 8 மணி நேரம் எரிப்பு, 100 நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எல்லைகளைக் கணக்கிடலாம்.

முதல் எல்லையில் படை ஒருபோதும் உதிர்வதில்லை. மொத்தம் 800 மணி. 800இன் வர்க்கமூலம் 28.3, அதை 0.11ஆல் பெருக்கினால் படை 3.1 மில்லிமீட்டர். அதை 1.7ஆல் வகுத்தால் செலவான இரும்பு கிடைக்கும்: 1.8 மில்லிமீட்டர். 100 நாள் முடிவில் தகட்டில் 6 மில்லிமீட்டருக்கு மேல் மிச்சம்.

இரண்டாம் எல்லையில் தினமும் அணைத்துக் குளிரும்போது படை முழுவதும் உதிர்கிறது, அல்லது தட்டி உதிர்க்கப்படுகிறது. 8 மணி நேரத்தில் வளரும் படை 0.31 மில்லிமீட்டர். அதற்குச் செலவாகும் இரும்பு 0.18 மில்லிமீட்டர். அடுத்த நாள் கடிகாரம் மறுபடி பூச்சியத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. 8 மில்லிமீட்டர் தகடு முழுவதும் தீர 44 நாள் போதும்.

அதே இரும்பு, அதே தீ, அதே 8 மணி. 100 நாள் கணக்கில் இழப்பு பத்து மடங்கு வேறுபடுகிறது; பத்து என்பது 100இன் வர்க்கமூலம் என்பதைக் கவனியுங்கள். உண்மையான தகடு இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே எங்கோ நிற்கும். கொஞ்சம் உதிரும், கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஆனால் சுத்தியலோடு தினமும் "சுத்தம்" செய்பவர், தகட்டை இரண்டாம் எல்லையை நோக்கித் தன் கையாலேயே தள்ளுகிறார். தொங்கி விழும் பொருக்கைத் தவிர மற்றதைத் தொடாமல் விடுவதுதான் சரி.

வெப்பநிலையின் பங்கையும் இதே கணக்கில் பார்க்கலாம். 800இலிருந்து 700 பாகைக்கு இறக்கினால் k ஏழில் ஒரு பங்காகிறது. படை உதிராத தகட்டில், அதே தடிப்பை எட்ட ஏழு மடங்கு நேரம் எடுக்கும். தினமும் உதிரும் தகட்டிலோ ஆயுள் இரண்டரை மடங்குதான் கூடும். அதாவது தீயைத் தகட்டில் முட்டவிடாமல் ஒரு செங்கல் வரிசையால் திருப்பிவிடுவதன் பலன், படை ஒட்டி நிற்கும் தகட்டில்தான் முழுமையாகக் கிடைக்கும்.

## இரும்பின் படை ஏன் ஒழுகுகிறது

570 பாகைக்குக் கீழே இரும்பின்மேல் இரண்டு படைகள்தான்: உள்ளே மக்னடைட்டு (Fe₃O₄), வெளியே ஹெமடைட்டு (Fe₂O₃). இரண்டும் ஓரளவு இறுக்கமானவை. 570ஐத் தாண்டியதும் இவற்றுக்கு அடியில் வூஸ்டைட்டு (FeO) என்ற மூன்றாவது படை தோன்றுகிறது. 1000 பாகையில் மொத்தத் தடிப்பில் ஏறத்தாழ 95 சதவீதம் இந்த வூஸ்டைட்டுதான். சிக்கலும் இதனிடம்தான்.

வூஸ்டைட்டை FeO என்று எழுதினாலும் அதில் இரும்பு ஒருபோதும் முழு எண்ணிக்கையில் இருப்பதில்லை. சாலகத்தில் இரும்பு இருக்க வேண்டிய நூறு இடங்களில் ஐந்தோ அதற்கு மேலோ காலியாக இருக்கும். அயன் தாவுவதற்குக் காலி இடம் தேவை என்று மேலே சொன்னோம். இங்கே அது தாராளமாகக் கிடைக்கிறது. சுவர் இருக்கிறது, ஆனால் சுவர் முழுக்கக் கதவு. சாதாரண உருக்கை 550 பாகைக்கு அப்பால் நீண்ட நாள் வைக்காதே என்று சொல்லும் நடைமுறை எல்லை வூஸ்டைட்டு தோன்றும் 570க்குச் சற்றுக் கீழே நிற்பது தற்செயல் அல்ல.

குரோமிய ஒட்சைட்டிலும் (Cr₂O₃) அலுமினிய ஒட்சைட்டிலும் (Al₂O₃) காலி இடங்கள் மிகமிகக் குறைவு. 1000 பாகையில் 1000 மணி நேரத்தில் நல்ல குரோமியப் படை பத்து மைக்ரோமீட்டர் அளவில்தான் வளரும். அலுமினியப் படை மூன்று நான்கு மைக்ரோமீட்டர். அதே நிலையில் இரும்பின் படைக்கு விதிப்படி வரும் தடிப்பு 15 மில்லிமீட்டருக்கும் மேல்.

ஆகவே வேலை இதுதான்: இரும்போடு இன்னோர் உலோகத்தைக் கலந்து, மேற்பரப்பில் இரும்பின் ஒட்சைட்டுக்குப் பதிலாக அதன் ஒட்சைட்டே மூடும்படி செய்வது. குரோமியத்துக்கு ஒட்சிசன்மேல் இரும்பைவிட ஆசை அதிகம், ஆதலால் போதிய அளவு இருந்தால் அது முந்திக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 18 சதவீதம்போலக் குரோமியம் சேர்ப்பது சூட்டிலும் பலன் தருவது இதனால். மின் அடுப்புகளின் இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பிச் சுருள்களில் ஐந்து சதவீதம் அளவான அலுமினியம் அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்கிறது. அத்தகைய புதிய சுருளை முதல் தடவை 1050 பாகைக்கு அருகில் காற்றில் சில மணி நேரம் வைத்துவிட்டு வேலைக்கு எடுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. குறைந்த சூட்டில் தோன்றும் அலுமினிய ஒட்சைட்டு வேறு பளிங்கு வடிவம், வேகமாக வளர்வது. உயர் சூட்டில்தான் மெதுவாக வளரும் இறுக்கமான வடிவம் முதலிலேயே மூடும்.

துத்தநாகம் பூசிய தகடு இந்த வரிசையில் சேராது. துத்தநாகம் 419 பாகையில் உருகிவிடும். எரியறையில் அதற்கு வேலையில்லை, புகைதான் மிஞ்சும்.

## நல்ல படையும் தோற்கும் இடங்கள்

"ஸ்டெயின்லெஸ்தானே போட்டோம், அதுவும் உரியுதே" என்ற முறைப்பாட்டுக்கு மூன்று விடைகள் உண்டு.

1. குளிரும்போது ஏற்படும் சுருக்கம். 304 என்ற வகை ஒரு பாகைக்கு மில்லியனில் 18 பங்கு வீதம் விரியும். 430 என்ற வகை ஏறத்தாழ 12. குரோமிய ஒட்சைட்டு ஏறத்தாழ 8. ஒரு மீற்றர் நீளத் தகடு 800 பாகையிலிருந்து கொழும்பின் 30 பாகைக்குக் குளிர்ந்தால், 304 தகடு 14 மில்லிமீட்டர் சுருங்கும். மேலுள்ள ஒட்சைட்டோ 6 மில்லிமீட்டர் மட்டுமே சுருங்க விரும்பும். எஞ்சிய 8 மில்லிமீட்டரும் படைமேல் நெருக்கமாக விழுகிறது. மெல்லிய படை அதைத் தாங்கிக்கொள்ளும். தடித்த படை மேலெழும்பி உடைந்து தெறிக்கும். 430 தகட்டில் இந்த வித்தியாசம் 3 மில்லிமீட்டர்தான்.

கையேடுகளில் பலரும் அச்சுப்பிழை என்று நினைக்கும் ஒரு விடயத்துக்கு விளக்கம் இதில் இருக்கிறது. 304க்குத் தொடர்ச்சியான சூட்டில் 925 பாகை எல்லை. அணைத்து அணைத்து எரித்தால் 870. நியாயமாகத் தோன்றுகிறது. 430க்கோ தொடர்ச்சியில் 815, விட்டுவிட்டு எரித்தால் 870. மலிவான வகை, அணைத்து மூட்டும் போறணையில் விலை கூடியதற்குச் சமமாக நிற்கிறது. பேக்கரி வேலை விட்டுவிட்டுத்தான் நடக்கும் என்பதால், பாரம் தாங்காத தகட்டுக்கு 430 கேட்டு வாங்குவதில் அர்த்தம் உண்டு. பாரம் தாங்கும் தட்டிக்கு அது ஆகாது. உயர் சூட்டில் அதன் பலம் குறைவு, வளைந்துவிடும்.

2. குரோமியக் கையிருப்பு தீர்ந்துபோவது. படை உதிரும் ஒவ்வொரு தடவையும் அதை மீண்டும் கட்டத் தகட்டின் உள்ளிருந்து குரோமியம் செலவாகிறது. மேற்பரப்புக்கு அருகே குரோமியம் 12, 13 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அது மறுபடி மூடிக்கொள்ள முடியாது. அந்த இடத்தில் இரும்பே ஒட்சியேறத் தொடங்கும். பச்சை கலந்த சாம்பல் நிறப் பரப்பில் செம்பழுப்பாக, கறுப்பாகச் சின்னச் சின்ன முடிச்சுகள் தோன்றினால் கட்டம் இதுதான் என்று அறியலாம். அவை ஒன்றோடொன்று சேர்ந்த பிறகு 304 தகடு எம்.எஸ். தகட்டின் வேகத்தை நோக்கிப் போகும்.

மெல்லிய தகடு முந்திச் சாவதற்கும் காரணம் இதுவே. பாதித் தடிப்பு என்றால் கையிருப்பும் பாதி. படை ஒட்டியே நிற்கும் நிலையில், செலவு நேரத்தின் வர்க்கமூலமாக ஏறுவதால், பாதிக் கையிருப்பு கால்வாசி நேரத்தில் தீர்ந்துவிடும். மின் சுருளில் 1 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக அதே சூட்டில் அரை மில்லிமீட்டர் கம்பி போடுபவர் எதிர்பார்க்க வேண்டியது பாதி ஆயுள் அல்ல, கால் ஆயுள்.

3. சாம்பல், உப்பு, நீராவி. கடற்காற்று இங்கேதான் உள்ளே நுழைகிறது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் உண்டு. கடற்காற்று சோடியம் குளோரைட்டைக் கொண்டுவருகிறது. இவை 500, 600 பாகையிலேயே குரோமிய ஒட்சைட்டோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து குரோமேற்று உப்புகளாகின்றன. அதாவது பாதுகாப்புப் படையே வேறு பொருளாக மாறிக் கரைந்துபோகிறது. நீராவி இன்னொரு வழியில் தின்கிறது: 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதன் என்றால் காற்றின் கனவளவில் 3 சதவீதத்துக்கு மேல் நீராவி, விறகுப் புகையில் அதைவிடப் பல மடங்கு. இந்த நீராவியும் ஒட்சிசனும் சேர்ந்து குரோமிய ஒட்சைட்டை ஆவியாகும் சேர்வையாக்கிக் கொண்டுபோய்விடுகின்றன. உலர் காற்றில் சோதித்து எழுதிய எல்லைகளை, ஈர விறகு எரியும் எரியறைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. நூறு பாகை குறைத்து வைத்துக்கொள்வது புத்தி.

சாம்பலுக்கு அடியில் மஞ்சள் கறை தெரிந்தால் அது குரோமேற்றாக இருக்கலாம். அது நச்சு, நீரில் கரையும். உலர்ந்த தூரிகையால் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல், கையுறையும் முகக்கவசமும் அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். துடைத்த துணியைத் தீயில் போடக் கூடாது.

## விதியைத் தராசில் பார்ப்பது

ஒரு தகடு பரவளைவில் நடக்கிறதா என்று அறிய மின் உலை ஒன்றும் தராசும் போதும். 20 × 20 × 3 மில்லிமீட்டர் துண்டுகள் நான்கு வெட்டி, ஓரங்களை அரத்தால் நேராக்கி, நுண்மணல் தாளால் ஒரே மாதிரி தேய்த்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவி உலர்த்துங்கள். ஒவ்வொன்றின் பரப்பும் 10.4 சதுரசென்ரிமீட்டர். தனித்தனியாக, மூடி உள்ள பீங்கான் கிண்ணங்களில், மூடியைத் திறந்து, நிறுத்தி வைக்க வேண்டும். படுக்க வைத்தால் அடிப்பக்கம் காற்றுக் காணாது. கிண்ணத்தையும் முதலில் வெறுமையாகச் சூடாக்கி நிறுத்துக்கொள்ளுங்கள். உதிரும் பொருக்கும் கிண்ணத்துக்குள்ளேயே விழ வேண்டும், இல்லையேல் கணக்குப் பிழைக்கும்.

800 பாகை உலையிலிருந்து 1, 4, 9, 16 மணிகளில் ஒவ்வொரு துண்டாக எடுத்து, மூடியைப் போட்டு ஆறவைத்து நிறுங்கள். உலையில் காற்று ஓட்டம் போதுமாக இருந்தால் எம்.எஸ். துண்டில் நிறை அதிகரிப்பு ஏறத்தாழ 0.15, 0.30, 0.45, 0.60 கிராம் என்று வர வேண்டும். இது துண்டு உள்வாங்கிய ஒட்சிசனின் நிறை. அதிகரிப்பின் வர்க்கத்தை நேரத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வந்தால் விதி பொருந்துகிறது. 304 துண்டுக்கு இதே சோதனையில் 16 மணியிலும் மாற்றம் ஓரிரு மில்லிகிராமுக்குள்தான் இருக்கும், அதற்கு 0.1 மில்லிகிராம் காட்டும் தராசு தேவை.

நேர்கோடு வராவிட்டால் எப்படி விலகுகிறது என்பதே செய்தி. நடுவில் திடீரென மேலே திரும்பினால் படை பிளந்துவிட்டது, அல்லது கையிருப்புத் தீர்ந்துவிட்டது. நிறை குறைந்தால் ஏதோ ஆவியாகிறது, அல்லது பொருக்கு கிண்ணத்துக்கு வெளியே தெறித்திருக்கிறது. முதல் மணியின் புள்ளி மட்டும் விலகியிருந்தால் கவலை வேண்டாம். துண்டு சூடேற எடுத்த நேரமும், படை முழுமையாக மூடுவதற்கு முன்னான காலமும் அதில் கலந்திருக்கும்.

## தகடு மாற்றும்போது

ஸ்டெயின்லெஸ் தகட்டைச் சாதாரண எம்.எஸ். வெல்டிங் குச்சியால் ஒட்டினால், அந்த ஒட்டில் குரோமியம் குறைந்துவிடும். தகடு நன்றாக இருக்க, ஒட்டு மட்டும் கோடாகப் பொருக்கெடுத்து முதலில் பிளக்கும். 309 அல்லது 310 குச்சி கேட்டு வாங்க வேண்டும். ஒட்டியபின் படியும் கசடையும் நீல, கறுப்பு நிறக் கறையையும் புதிய ஸ்டெயின்லெஸ் கம்பித் தூரிகையால் எடுத்துவிடுங்கள். எம்.எஸ்ஸில் தேய்த்த தூரிகை இரும்புத் துகள்களை அப்பிவிடும். 900 பாகையைத் தாண்டும் இடம் என்றால் 25 சதவீதக் குரோமியமும் 20 சதவீத நிக்கலும் உள்ள 310 தகட்டுக்குத்தான் போக வேண்டும். விட்டுவிட்டு எரிக்கும்போது அதன் எல்லை 1035 பாகை. விலை கூடியது, எல்லாக் கடையிலும் இராது. அதனால் எரியறை முழுவதற்கும் போடாமல், தீ முட்டும் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் போட்டு, மிச்சத்தைச் செங்கல்லால் மறைப்பதே பலருக்குக் கட்டுப்படியாகும்.

பொருத்திய தகட்டை மாதம் ஒருமுறை, குளிர்ந்த நிலையில், எப்போதும் ஒரே புள்ளியில் வேர்னியரால் அளந்து எழுதிவையுங்கள். அந்தப் புள்ளியில் மட்டும் தொங்கும் பொருக்கை எடுத்தால் போதும். விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே இருப்பது நல்லது, விளிம்பு எப்போதும் இரு பக்கமும் தின்னப்படும். 8.0, 7.4, 7.15, 6.95, 6.8 என்று இறங்கினால் இழப்பு மாதாமாதம் குறைகிறது, படை வேலை செய்கிறது. நான்கு மாதத்தில் இழந்தது 1.2, இன்னும் 1.2 இழக்க மேலும் பன்னிரண்டு மாதம் ஆகும். 8.0, 7.4, 6.8, 6.2, 5.6 என்று ஒரே அளவாக இறங்கினால் அது நேர்கோடு. முதல் மாதத்தின் அளவு இரண்டு தகட்டுக்கும் ஒன்றே என்பதால் இரண்டாவது, மூன்றாவது அளவுகள் வரும்வரை முடிவுக்கு வர முடியாது. நேர்கோட்டில் இறங்கும் தகடு ஏழாம் மாதத்துக்குள் பாதித் தடிப்பாகிவிடும். பாதியான தகடு சூட்டில் நெளிந்து கதவை இறுக்கும், ஆகவே அடுத்த தகட்டை ஐந்தாம் மாதத்திலேயே வெட்டக் கொடுத்துவிடுங்கள்.